கல்லறை சொன்ன ஆண்டு

சில ஆண்டுகளுக்கு முன்னர், பள்ளிகளுக்கிடையே நடந்த வினாடி வினாப் போட்டியொன்றின் இறுதிச் சுற்றுக்கு நாம் நடுவராக அமர்ந்திருந்தோம். கடற்கரைச் சிற்றூர்ப் பள்ளியொன்றும் நகரத்துப் பள்ளியொன்றும் சம மதிப்பெண் பெற்று நின்றன. கடைசி வினா கடற்கரைப் பள்ளிக்கு உரியது. "விஞ்ஞானி ஐசக் நியூட்டன் இறந்த ஆண்டு எது?" என வினவினோம்.

"1726" என்றாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சற்றும் தயங்காமல்.

நம் கையிலிருந்த விடைத்தாளில் 1727 என்றிருந்தது. தவறெனக் கூறி, வினாவை அடுத்த அணிக்கு அளித்தோம். அவர்கள் 1727 என்றனர். அரங்கில் கரவொலி எழுந்தது; கோப்பையும் அவர்களுக்கே சென்றது. அம்மாணவி மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. "சுவாமி, இலண்டன் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அவருடைய நினைவுச் சின்னத்தில் 1726 என்றுதான் பொறித்திருக்கிறது. எங்கள் நூலகப் புத்தகத்தில் படித்தேன்" என்றாள். "விடைத்தாளே முடிவு, மகளே" எனச் சொல்லி அவளை அனுப்பிவிட்டோம்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த வாரமே நாம் பயின்ற குருமடத்தின் நூலகத்திற்குச் சென்று தேடினோம். நினைவுச் சின்னம் 1726 மார்ச் 20 என்கிறது. ஒரு நூல் 1727 மார்ச் 20 என்கிறது. மற்றொன்றோ 1727 மார்ச் 31 என்கிறது. ஒரு மனிதர் மும்முறை இறப்பதெப்படி? உண்மையில் மூன்றும் ஒரே நாளே.

இதன் வேர் நம் திருச்சபையின் வரலாற்றில் உள்ளது. பழைய ஜூலியன் நாட்காட்டி, ஆண்டின் நீளத்தைச் சுமார் 11 நிமிடம் கூட்டிக் கணக்கிட்டது. ஏறத்தாழ 128 ஆண்டுகளுக்கு ஒரு நாள் பிழை சேர்ந்தது. உயிர்ப்புத் திருநாளைக் கணிப்பதற்கு அடிப்படையான இளவேனிற்காலச் சமநாள், மார்ச் 21இலிருந்து 11க்கு நகர்ந்துவிட்டது. எனவே 1582இல் பாப்பரசர் 13ஆம் கிரகோரியார் பத்து நாட்களை நீக்கினார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அந்த இரவில்தான் அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் இறைவனடி சேர்ந்தார். அவரது திருநாளை நாம் அக்டோபர் 15இல் கொண்டாடுவது அதனாலேயே.

பாப்பரசரின் திருத்தத்தை இங்கிலாந்து 1752 வரை ஏற்கவில்லை. இடையில் 1700ஆம் ஆண்டு அங்கு லீப் ஆண்டாக எண்ணப்பட்டது. திருத்திய நாட்காட்டியில் அவ்வாறு எண்ணப்படவில்லை. ஆகவே வேறுபாடு பதினொரு நாட்களாயிற்று. இங்கிலாந்தின் மார்ச் 20 திருத்தத்தை ஏற்ற நாடுகளில் மார்ச் 31 ஆனது இவ்விதமே.

ஆனால் ஆண்டு மாறியதேன்? அக்காலத்து இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது ஜனவரி முதல் நாளில் அன்று. கபிரியேல் தூதர் கன்னி மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாளாகிய மார்ச் 25இல்தான் அங்கு ஆண்டு தொடங்கிற்று. நியூட்டன் மார்ச் 20இல் இறந்தபோது, 1726ஆம் ஆண்டு முடிய இன்னும் ஐந்து நாட்கள் இருந்தன. கல்லைச் செதுக்கியவர்கள் தங்கள் நாட்டுக் கணக்கையே செதுக்கினார்கள். பின்னாளில் எழுதியவர்கள் ஜனவரியில் ஆண்டைத் தொடங்கி 1727 என்றார்கள். குழப்பத்தைத் தவிர்க்க விரும்பியவர்கள் 1726/27 என இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். ஆகவே 1752க்கு முற்பட்ட இங்கிலாந்துத் தேதியொன்று ஜனவரி முதல் நாளுக்கும் மார்ச் 24க்கும் இடையில் வருமாயின், அது எந்தக் கணக்குப்படி எழுதப்பட்டதெனக் கேட்டறிய வேண்டும்.

ஆண்டுதோறும் மார்ச் 25இல் மங்கள வார்த்தைத் திருநாள் பூசை நிறைவேற்றும் நாம், அத்திருநாள் ஒளிந்திருந்த விடையைத் தவறென்று தள்ளினோம்! விடைத்தாளும் பிழையன்று, மாணவியும் பிழை செய்யவில்லை. எந்த நாட்காட்டிப்படி என்று குறிப்பிடாத வினாவே குறையுடையது. "எங்கே படித்தாய்? அந்நூலைக் கொண்டு வா" என்று ஒரு சொல் கேளாத நடுவரின் குறையோ அதனினும் பெரிது.

இவற்றையெல்லாம் எழுதிப் போட்டிக் குழுவினருக்கு அனுப்பினோம். நகரத்துப் பள்ளியின் தலைமை ஆசிரியையான அருட்சகோதரி கடிதத்தைப் படித்ததும், "கோப்பை இருவருக்கும் உரியது, சுவாமி" என்றார். அடுத்த ஞாயிறு தம் மாணவியரையும் கோப்பையையும் அழைத்துக்கொண்டு கடற்கரை ஊருக்கு வந்தார். ஆளுக்கு ஆறு மாதம் கோப்பையை வைத்துக்கொள்வதென முடிவாயிற்று.

நாம் அம்மாணவியிடம், அவளுடைய பள்ளித் தோழியர் அனைவர் முன்னிலையிலும், மன்னிப்புக் கேட்டோம். அவள் நாணித் தலைகுனிந்தவாறே, "அப்படியானால் அவர் பிறந்த தேதியும் இரண்டா, சுவாமி?" என்று கேட்டாள். ஆம், இரண்டுதான். இங்கிலாந்தில் அது 1642ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாள். உரோமையிலோ அன்று 1643 ஜனவரி 4.

இம்முறை அவளுக்கு விடையளிக்கும் முன் விடைத்தாளை நாம் தேடவில்லை.