மலை என்றாயா, மழை என்றாயா?

அக்கா மகன் டெல்லியில் வளர்ந்த பிள்ளை. பதிமூன்று வயது. வீட்டில் தமிழ்தான் பேசுவான், ஆனால் ழ வராது. அவன் வாயில் வாழைப்பழம் ‘வாலப்பலம்’ ஆகிவிடும். இந்தக் கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் வந்திருந்தபோது கைப்பேசியின் விசைப்பலகையில் இருக்கும் மைக்கைத் தொட்டு, “எனக்கு ஒரு வாலப்பலம் வேணும்” என்றான். திரையில் ‘எனக்கு ஒரு வாழைப்பழம் வேணும்’ என்று பிழையில்லாமல் வந்து நின்றது.

“பாரு சித்தி, போனுக்கே புரியுது. நான் சரியாத்தான் சொல்றேன்.”

போனுக்குப் புரிந்தது உண்மைதான். ஆனால் அவன் ழகரத்தைக் கேட்டு அது எழுதவில்லை. குரல் தட்டச்சு செய்யும் மென்பொருள் காதில் விழும் ஒலியை மட்டும் வைத்து எழுதுவதில்லை. இந்த ஒலிக்குப் பொருந்தக்கூடிய சொற்கள் எவை, அவற்றில் முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு சேர்ந்து வரக்கூடியது எது என்று இரண்டையும் கூட்டிப் பார்த்து முடிவு செய்கிறது. ‘வாலப்பலம்’ என்று தமிழில் ஒரு சொல் கிடையாது. பக்கத்தில் இருப்பது வாழைப்பழம் ஒன்றுதான். எப்படிக் குழறினாலும் அதையே எழுதும். நம் வீட்டுப் பெரியவர்கள் குழந்தையின் மழலையைப் புரிந்துகொள்வதும் பாதி இப்படித்தான்.

ஆகவே உச்சரிப்பைச் சோதிக்க வேண்டுமென்றால், ஊகித்துத் தப்பிக்க வழியில்லாத சொற்களைத் தர வேண்டும். ஓர் எழுத்து மாறினால் வேறு சொல்லாகும் இணை வேண்டும். இரண்டுமே அன்றாடம் புழங்குபவையாக இருக்க வேண்டும். கலை, கழை என்று எடுத்தால் பயனில்லை. மூங்கிலை யாரும் பேச்சில் கழை என்பதில்லை. எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும் கலை என்றே வர வாய்ப்பு அதிகம். எங்களுக்கு வாகாக அமைந்தது மலை, மழை.

சொல்லை மட்டும் தனியாகச் சொன்னால், மைக் திறப்பதற்குள் முதல் எழுத்து அறுந்துபோகிறது. அதனால் ஒரு சிறு வாக்கியத்தில் வைத்தோம்: ‘நான் சொன்னது மலை’, ‘நான் சொன்னது மழை’. எந்தப் பக்கமும் சாயாத வாக்கியம் இது. ‘மழை பெய்யுது’ என்றால் ‘பெய்யுது’ காட்டிக்கொடுத்துவிடும். விசைப்பலகையில் தமிழ் (இந்தியா) ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை நீக்கினோம். இரண்டும் இருந்தால் சில சமயம் ஆங்கிலச் சொல்லாக எழுதிவிடுகிறது. மின்விசிறியை நிறுத்தி, போனை ஒரு சாண் தூரத்தில் பிடித்தோம். ஒவ்வொரு முறையும் எழுதியதை அழித்துவிட்டுத்தான் அடுத்தது. அழிக்காமல் விட்டால் முன்பு எழுதிய சொல்லும் அதன் கணக்கில் சேர்ந்துகொள்ளக்கூடும்.

மலை என்று பத்து, மழை என்று பத்து, ஆக இருபது சீட்டு எழுதிக் குலுக்கினோம். முதலில் உட்கார வைத்தது பையனை அல்ல, என் அம்மாவை. அம்மாவின் ழகரம் தெளிவானது. அவர் சொல்லியே போன் தப்பாக எழுதினால், அந்த இணையை வைத்துப் பையனைக் குறை சொல்ல முடியாது. அம்மாவுக்கு இருபதில் பத்தொன்பது சரியாக வந்தது. மலை, மழை இரண்டையும் இந்தப் போன் பிரித்து அறிகிறது என்பது உறுதியான பிறகே அவன் முறை.

அவனுக்கு இருபதில் பதின்மூன்று. பாதிக்கு மேல் சரி என்று அவனுக்குச் சந்தோஷம். நான் சீட்டுகளை இரண்டாகப் பிரித்து வைத்தேன். மலைச் சீட்டு பத்தும் சரி. மழைச் சீட்டில் மூன்றுதான் சரி. மீதி ஏழும் மலையாகிவிட்டன. மொத்த எண்ணிக்கை ஏமாற்றும் இடம் இதுதான். எல்லாவற்றையும் மலை என்றே சொல்லுகிறவனுக்கும் இருபதில் பத்து கிடைத்துவிடும். எந்தச் சீட்டு எதுவாக மாறியது என்று பார்த்தால்தான் நாக்கு எங்கே தவறுகிறது என்று தெரியும்.

அவன் நாக்கு ல சொல்லும் இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. ல சொல்லும்போது நுனிநாக்கு மேல்பல் வரிசைக்குப் பின்னால் ஒட்டும். ள சொல்லும்போது பின்னால் வளைந்து அண்ணத்தில் ஒட்டும். ழ சொல்லும்போது அதேபோல் வளையும், ஆனால் எங்கும் ஒட்டாது. ‘நாக்கை மடி, மடி’ என்று அதட்டினால் பிள்ளைகள் மடித்து ஒட்டிவிடுகிறார்கள்; அது ளவாகிவிடுகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் ழகரத்தை ளகரத்தோடு வைக்காமல் ரகரத்தோடு சேர்த்து, நாநுனி மேலே எழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது என்கிறது. பையனுக்கும் அந்த வழிதான் கைகொடுத்தது. அமெரிக்கர்கள் ‘கார்’ என்று சொல்லும்போது கடைசியில் வருகிற ர் ஏறக்குறைய நம் ழ் போலவே இருக்கும். படங்களில் கேட்டுக் கேட்டு அது அவனுக்கு நன்றாக வரும். அந்த ஒலியை இழுத்துப் பிடித்து, அதிலிருந்தே ‘ழை’ என்று விடச் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி குலுக்கினோம். மழையில் பத்துக்கு எட்டு. ஆனால் மலைச் சீட்டில் நான்கு மழையாகியிருந்தன. புதிதாகக் கற்ற ஒலியைத் தேவையில்லாத இடத்திலும் போட ஆரம்பித்திருந்தான். ழவை மட்டும் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. இன்னொன்றையும் அம்மாதான் கவனித்தார். போன் மழை என்று எழுதிய சில தடவை அவன் சொன்னது ‘மர்ழை’. “போன் எழுதிட்டா ஆச்சா? காதுக்கு நல்லா இல்லையேடா கண்ணா” என்றார். போனுக்கு எது பிடிக்கிறதோ அதற்கேற்ப நாக்கு பழகிவிடும் ஆபத்து நிஜமாகவே இருக்கிறது. அதனால் அன்று முதல் சீட்டுச் சோதனையோடு குரலைப் பதிவு செய்து, பாட்டியும் பேரனும் சேர்ந்து கேட்பது என்று ஆயிற்று.

இந்தச் சோதனைக்கு எட்டாத ஒலிகளும் உண்டு. ர, ற இரண்டையும் இன்று பெரும்பாலான தமிழர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கிறோம். ந, ன இரண்டும் அப்படித்தான். ‘மரம்’, ‘மறம்’ என்பதில் போன் எதை எழுதினாலும் அது சொற்பழக்கத்தை வைத்து ஊகித்ததே தவிர, நம் நாக்கைக் கேட்டு எழுதியதல்ல. தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் மழையை ‘மளை’ என்போர் நிறைய உண்டு. மளை என்று வேறு சொல் இல்லாததால் போன் அதையும் மழை என்றே எழுதும். அவர்கள் பேச்சு புரிகிறது என்பதற்கு அது சாட்சி. ழ வருகிறது என்பதற்கு அல்ல.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ள, ழ இணைக்காகக் கிளி, கிழி என்று சீட்டு எழுதினான். வழக்கம்போல் முதலில் பாட்டி. ‘நான் சொன்னது கிழி’ என்று அம்மா பத்து முறை சொன்னார். ஆறு முறை போன் கிளி என்றே எழுதியது. அந்தச் சீட்டுகளை அப்படியே கட்டி ஓரமாக வைத்துவிட்டோம். அந்த இணையை இப்போது ஞாயிறுதோறும் டெல்லியிலிருந்து அவன் போனில் சொல்ல, பாட்டி காதால் கேட்டு எது என்று சொல்லுகிறார்.