'மீண்டும் வேலை உண்டு' என்ற வரி மட்டும் போதாது

இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்தில் 1973-இல் சேர்ந்து மேலாளராக உயர்ந்த ஒரு பெண், 1990-இல் குழந்தை வளர்ப்புக்காக நான்காண்டு இடைவெளி எடுத்துக்கொண்டார். அதற்கென்றே அங்கே ஒரு திட்டம் இருந்தது. ஆண்டுக்கு இரண்டு வாரமாவது வந்து வேலை செய்ய வேண்டும். காலம் முடிந்ததும் அதே நிலையில் வேலை தரப்படும். ஆனால் திட்டத்தில் சேர முதலில் ராஜினாமா செய்தாக வேண்டும். அவரும் செய்தார், 1994-இல் சொன்னபடியே திரும்பினார். 1999-இல் ஆட்குறைப்பு வந்தபோதுதான் கேள்வி எழுந்தது: இழப்பீட்டுக்கு அவருடைய பணிக்காலத்தை 1973-இலிருந்து கணக்கிடுவதா, 1994-இலிருந்தா?

வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. இடைவெளியிலும் வேலை உறவு தொடர்வதாக இரு தரப்பும் கருதியிருக்க வேண்டும், இந்தத் திட்டத்தின் வாசகம் அப்படிக் காட்டவில்லை என்று 2002-இல் தீர்ப்பானது. பழைய பதினேழு ஆண்டுகள் கணக்கில் சேரவில்லை. திரும்பி வரும் உறுதி காப்பாற்றப்பட்டது. பணித்தொடர்ச்சிக்கு உறுதி யாரும் எழுதித் தரவில்லை.

நம் ஊர் நிறுவனங்களின் இடைவெளிக் கொள்கையைப் படிக்கும்போது முதலில் தேட வேண்டியதும் இதைத்தான். 'சம்பளமில்லா விடுப்பு' என்று இருக்கிறதா, 'பணியிலிருந்து விலகி மீண்டும் நியமிக்கப்படுவார்' என்று இருக்கிறதா? இரண்டிலும் மாதச் சம்பளம் வராது. வீட்டில் இருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கிராஜுவிட்டி கணக்குப் போடும்போது தெரியும். விடுப்பால் வரும் இடைவெளி பணித்தொடர்ச்சியை முறிக்காது என்கிறது நம் சட்டம். ராஜினாமாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிரந்தரப் பணியில் இருக்கும் ஒருவர் நான்கு ஆண்டு வேலை செய்கிறார், ஓராண்டு இடைவெளி எடுக்கிறார், திரும்பி வந்து மூன்று ஆண்டு உழைத்துவிட்டு விலகுகிறார். கடைசியாக வாங்கிய, கிராஜுவிட்டிக்குக் கணக்கில் வரும் சம்பளம் 52,000 ரூபாய். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 30,000 ரூபாய். இடைவெளி விடுப்பாக இருந்தால், அந்த ஓராண்டை விட்டுவிட்டு ஏழு ஆண்டு என்று வைத்தாலும் 2,10,000 ரூபாய் வரும். ராஜினாமாவாக இருந்தால் முன்னால் நான்கு, பின்னால் மூன்று. எதுவும் ஐந்து ஆண்டைத் தொடவில்லை. சட்டப்படி கேட்க ஒன்றும் இல்லை.

அடுத்து, திரும்புவதற்கான வரி. 'காலியிடம் இருந்தால் பரிசீலிக்கப்படும்' என்பது உறுதியே அல்ல. வெளியாள் விண்ணப்பித்தாலும் அதையேதான் சொல்வார்கள். 'அதே பதவி, அல்லது அதே நிலையும் சம்பளமும் உள்ள பதவி' என்று இருந்தால்தான் பிடிமானம். எந்த ஊரில் என்றும் எழுதியிருக்க வேண்டும். சென்னையில் கைக்குழந்தையோடு இருப்பவருக்கு புணேயில் சமமான பதவி தந்தால் அது வேலையை விடச் சொல்வதற்குச் சமம். திரும்புவதாக எத்தனை நாளுக்கு முன் எழுதித் தர வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் தானாக விலகியதாகக் கொள்ளப்படும் என்ற வரி சில கொள்கைகளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

தகுதி விதியில் இத்தனை ஆண்டு பணி என்பது பிரச்சினை இல்லை. 'மேலாளரின் ஒப்புதலுக்கு உட்பட்டு' என்பதுதான் பிரச்சினை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற வரி பக்கத்திலேயே இல்லையென்றால், அது மேலாளரின் விருப்பத்தைப் பொறுத்த சலுகைதான்.

சலுகைகளில் முதலில் கைவிட்டுப் போகக்கூடியது குழு மருத்துவக் காப்பீடு. பெற்றோருக்கான பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தால், சம்பளம் நின்றபின் அதை யார், எந்தத் தேதிக்குள் கட்டுவது? கொள்கை இதைச் சொல்லாமல் விட்டால் மருத்துவமனை வரவேற்பறையில்தான் பதில் தெரியவரும். பி.எஃப். எளிது: சம்பளம் இல்லாததால் பங்களிப்பும் நிற்கும், இருக்கும் தொகைக்கு வட்டி சேரும்.

பலர் கவனிக்காதது பிரசவகாலச் சலுகை. அதைப் பெற, எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முதல் குழந்தைக்காக ஓராண்டு சம்பளமில்லா இடைவெளியில் இருப்பவருக்கு அதற்குள்ளேயே இரண்டாவது பிரசவம் வந்தால், 26 வாரச் சம்பளம் கிடைக்காமல் போகலாம். அப்படி நேர்ந்தால் நிறுவனம் என்ன செய்யும் என்பதைக் கொள்கையிலேயே எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

மனிதவளத் துறையினர் வாயால் தரும் விளக்கம் எவ்வளவு அன்பானதாக இருந்தாலும், அவர் வேறு வேலைக்குப் போனால் அதுவும் அவரோடு போய்விடும். கையெழுத்திடும் முன் உங்கள் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள். அதன் நகல் அலுவலகக் கணக்கில் மட்டும் இருந்தால் போதாது. இடைவெளி தொடங்கிய அன்றே அந்தக் கணக்கு முடக்கப்படலாம்.