வாசகர் தரும் ஐந்து டாலரில் எழுத்தாளர் பெறுவது எவ்வளவு?

தாம் அறிந்த துறையைப் பற்றி வாரந்தோறும் எழுதி, அதை மின்னஞ்சல் வழியே வாசகர்களுக்கு அனுப்பிச் சந்தா பெறுவது இன்று ஒரு துணை வருவாயாக வளர்ந்துள்ளது. இத்தகைய செய்திமடல்களை நடத்த சப்ஸ்டாக், பீஹைவ், பட்டன்டவுன், கோஸ்ட் போன்ற இணையத் தளங்கள் உள்ளன. இவற்றில் பல, தொடக்கத்தில் இலவசமாகவே இடமளிக்கின்றன. எனினும், வாசகர் செலுத்தும் சந்தாவுக்கும் எழுத்தாளரின் வங்கிக் கணக்கில் வரவாகும் தொகைக்கும் இடையே கணிசமான வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு எங்கே உருவாகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மூன்று வகைப் பிடித்தங்கள்

முதலாவது, தளத்தின் பங்கு. சப்ஸ்டாக் தளத்தில் எத்தனை இலவச வாசகர்கள் இருந்தாலும் மாதக் கட்டணம் இல்லை. அதற்கு மாறாக, கட்டணச் சந்தா வருவாயில் 10 சதவீதத்தைத் தளம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது, அட்டை வழியே பணத்தைப் பெற்றுத்தரும் நிறுவனத்தின் கட்டணம். சப்ஸ்டாக் பயன்படுத்தும் ஸ்ட்ரைப் நிறுவனம் அமெரிக்காவில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 2.9 சதவீதமும், அதற்கு மேல் 30 சென்ட்டும் பெறுகிறது. மூன்றாவது, சந்தாவைத் தவணைதோறும் தானாக வசூலிப்பதற்கான 0.7 சதவீதம்.

மாதச் சந்தா 5 டாலர் எனக் கொள்வோம். தளத்தின் பங்கு 50 சென்ட். அட்டைக் கட்டணம் 14.5 சென்ட்டும் 30 சென்ட்டும் சேர்ந்து 44.5 சென்ட். தவணை வசூல் கட்டணம் 3.5 சென்ட். ஆக மொத்தம் 98 சென்ட் கழிந்து, எழுத்தாளருக்கு 4.02 டாலர் எஞ்சுகிறது. விளம்பரத்தில் காணும் 10 சதவீதம், நடைமுறையில் ஏறத்தாழ 20 சதவீதமாகிவிடுகிறது.

இதற்கு முதன்மையான காரணம் அந்த 30 சென்ட். அது சந்தாத் தொகையைப் பொறுத்து மாறுவதன்று. வசூல் எத்தனை முறை நடக்கிறதோ, அத்தனை முறை கழிக்கப்படுவது. மாதம் 5 டாலர் வீதம் பன்னிரண்டு முறை செலுத்தும் வாசகரிடமிருந்து ஓராண்டில் எழுத்தாளருக்குக் கிடைப்பது 48.24 டாலர். அதே 60 டாலரை ஒரே தவணையாகச் செலுத்தும் வாசகரிடமிருந்து கிடைப்பது 51.54 டாலர். பதினொரு முறை கழிக்கப்பட வேண்டிய 30 சென்ட் இல்லாமற்போவதே இந்த 3.30 டாலர் வேறுபாடு. ஆண்டுச் சந்தாவுக்குச் சிறிது தள்ளுபடி வழங்கினாலும் எழுத்தாளருக்கு இழப்பு நேராமல் இருப்பதன் காரணமும் இதுவே.

இலவச வரம்பு எதை எண்ணுகிறது?

வேறு சில தளங்கள் சந்தா வருவாயில் பங்கு கேட்பதில்லை. பீஹைவ் தளம் 2,500 வாசகர்கள் வரையில் இலவசத் திட்டத்தை வழங்கியுள்ளது. எனினும் கட்டணச் சந்தா வசூலிக்க வேண்டுமெனில் மாதக் கட்டணமுள்ள திட்டத்திற்கு மாற வேண்டும். பட்டன்டவுன் தளத்தில் இலவச வரம்பு 100 வாசகர்கள் மட்டுமே. இவ்வரம்புகள் பணம் செலுத்துவோரை மட்டும் எண்ணுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இலவசமாகப் படிப்போரும், பல மாதங்களாக மடலைத் திறந்தே பாராதவர்களும் அதே எண்ணிக்கையில் அடங்குவர்.

பங்கு முறையா, நிலையான மாதக் கட்டணமா என்பதை ஒரு கணக்கால் தீர்மானிக்கலாம். 5 டாலர் சந்தாவில் 10 சதவீதப் பங்கு என்பது ஒரு வாசகருக்கு மாதம் 50 சென்ட். மற்றொரு தளத்தின் மாதக் கட்டணம் 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், கட்டண வாசகர்கள் 100 பேர் ஆகும்போது இரண்டும் சமமாகின்றன. முப்பது பேர் மட்டுமே இருக்கையில் பங்கு முறையில் செலவு 15 டாலர். நானூறு பேர் இருக்கையில் 200 டாலர்.

ஆயினும் கணக்கு இத்துடன் முடிவதில்லை. நூறு வாசகர்களில் ஐவர் பணம் செலுத்துவதாகக் கொண்டால், நானூறு கட்டண வாசகர்களைப் பெற மொத்தப் பட்டியலில் எண்ணாயிரம் பேர் இருக்க வேண்டும். மாதக் கட்டணம் மொத்த எண்ணிக்கைக்கேற்ப உயர்வதால், எண்ணாயிரம் பேருக்கான கட்டணத்தோடுதான் அந்த 200 டாலரை ஒப்பிட வேண்டும். நெடுநாள் மடலைத் திறவாத முகவரிகளுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பி, பதில் வராதவற்றை நீக்கினால் எண்ணிக்கை மேல்படிக்கு ஏறுவதைத் தள்ளிப்போடலாம்.

இந்தியாவில் வசூலிக்கும்போது

ஸ்ட்ரைப் நிறுவனம் 2024 முதல் இந்தியாவில் புதிய வணிகர்களை அழைப்பின் பேரில் மட்டுமே சேர்த்து வருகிறது. ஆகவே, அந்நிறுவனத்தை மட்டுமே சார்ந்துள்ள தளத்தைத் தேர்ந்தெடுப்பவர், எழுதத் தொடங்குவதற்கு முன்பே தமது கணக்கு ஏற்கப்படுமா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வாசகர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பின்னர் பணம் பெறும் வழி இல்லை என்று அறிவது பெரும் சங்கடத்தைத் தரும்.

உள்நாட்டுக் கட்டண வசூல் நிறுவனத்தின் வழியே பெறும்போது கணக்கு வேறாகிறது. எடுத்துக்காட்டாக, கட்டணம் 2 சதவீதம் என்றும், அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி என்றும் கொண்டால், 100 ரூபாய்ச் சந்தாவில் 2.36 ரூபாய் கழியும். பரிவர்த்தனைக்கு இவ்வளவு என்ற நிலைத்தொகை இல்லாதபோது, சிறு சந்தாவும் பெரிய சந்தாவும் ஒரே விகிதத்தில்தான் குறைகின்றன.

தானியங்கி வசூலுக்கு ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் விதிகள் பொருந்தும். முதல் முறை வாசகர் ஒப்புதல் அளித்துப் பதிவுசெய்த பின், 15,000 ரூபாய் வரையிலான தவணைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி தேவையில்லை. ஆயினும், பணம் எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அட்டைதாரருக்குத் தகவல் செல்லும். அவர் விரும்பினால் நிறுத்திக்கொள்ளலாம். இவ்வாறு பதிவு செய்யப்படாத அட்டைகளில் அடுத்த தவணை நிராகரிக்கப்படும். சந்தாதாரர் திடீரெனக் குறைந்தால், அவர்கள் தாமே விலகினரா, தவணை வசூலாகவில்லையா என்று கணக்குப் பக்கத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். முன்னது எழுத்தைப் பற்றிய செய்தி. பின்னது அட்டையைப் பற்றியது. அவ்வாசகருக்குப் புதிய கட்டண இணைப்பை அனுப்பினாலே பெரும்பாலும் போதும்.

கழிக்கப்படாத கழிவுகள்

சந்தாவைத் திருப்பித் தரும்போது ஸ்ட்ரைப் ஏற்கெனவே பெற்ற கட்டணத்தைத் திரும்பத் தருவதில்லை. வாசகர் தமது வங்கியில் ஆட்சேபம் தெரிவித்தால், அமெரிக்காவில் அதற்கென 15 டாலர் பிடித்தம் செய்யப்படுகிறது. மேலே கண்ட கணக்கின்படி, இது ஒரு வாசகரின் ஏறத்தாழ நான்கு மாத வருவாய். ஆண்டுச் சந்தா புதுப்பிக்கப்படும் நாளை ஒரு வாரம் முன்பே வாசகருக்குத் தெரிவிப்பதும், விலக விரும்புவோருக்கு எளிய வழி அமைப்பதும் இச்செலவைத் தவிர்க்க உதவும்.

வரவுக் கணக்கை எழுதும்போதும் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். வங்கிக் கணக்கில் வரவாவது பிடித்தங்கள் போக எஞ்சிய தொகை. வருமான வரிக் கணக்கில் வாசகர் செலுத்திய முழுத் தொகையை வரவாகவும், தளத்தின் பங்கையும் வசூல் கட்டணத்தையும் செலவாகவும் காட்டுவதே முறை. எனவே, வங்கி அறிக்கையுடன் தளம் தரும் மாதாந்தர விவரப் பட்டியலையும் சேமித்து வைக்க வேண்டும். இவ்வருவாய்க்கெனத் தனிக் கணக்கு ஒன்றை வைத்திருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிதாகும்.

தளங்கள் தம் கட்டணங்களையும் வரம்புகளையும் அவ்வப்போது மாற்றுவதுண்டு. ஆதலால், சேருமுன் அத்தளத்தின் அன்றைய கட்டண அட்டவணையைக் கொண்டு இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த பின்னர் சந்தாத் தொகையை நிர்ணயிப்பது நன்று.