தேயிலைக்கு என்ன எண் கொடுப்பது?

பதுளைக்கு மேலே ஒரு தோட்டத்து மலையில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கும், எவ்வளவு கான்கள் வழியாக ஓடி ஓடையில் சேரும்? தோட்டப் பாதையின் கீழே போடும் மதகு எத்தனை அகலம் வேண்டும் என்பதும், பதுளு ஓயாவும் உமா ஓயாவும் அன்று எவ்வளவு உயரும் என்பதும் இந்த ஒரு விடையைப் பொறுத்தவை. ஆனால் ஊவாவின் சிறு ஓடைகளில் மிகப் பலவற்றில் நீரளவுக் கருவி கிடையாது. அதனால் பொறியியலாளர்கள் நிலத்தைப் பார்த்தே நீரைக் கணிக்கும் ஒரு முறையை நாடுகிறார்கள். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் மண் பாதுகாப்புச் சேவை 1950களில் உருவாக்கிய வளைகோட்டு எண் முறை அது. இன்று செய்மதிப் படங்களின் துணையோடு ஒரு மடிக்கணினியிலேயே இதைச் செய்துவிடலாம். இந்த எளிமைதான் கவனிக்க வேண்டிய இடம். ஊவாவில் இக்கணக்கின் விடையைத் தீர்மானிப்பது செய்மதியோ மென்பொருளோ அல்ல. தேயிலைக்கு என்ன எண் கொடுக்கிறோம் என்பதே அதைத் தீர்மானிக்கிறது. அந்த எண்ணை வெளிநாட்டு அட்டவணையிலிருந்து எடுக்கக்கூடாது, தோட்டத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

முறை இதுதான். நிலத்தை மூடியிருப்பது என்ன, அதன் அடியில் உள்ள மண் எவ்வளவு விரைவாக நீரை உள்வாங்கும் என்ற இரண்டையும் சேர்த்து நிலத்துக்கு 100க்கு உட்பட்ட ஓர் எண் தரப்படுகிறது. எண் கூடக்கூட வழிந்தோடும் நீரும் கூடும். நீரை உள்வாங்கும் வேகத்தை வைத்து மண் ஏ, பி, சி, டி என நான்கு வகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஏ வகுதி நீரை விரைவாக இழுக்கும், டி வகுதி மிக மெதுவாக இழுக்கும். ராஸ்டர் என்பது நிலத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதிய படம். நிலமூடல் ராஸ்டரையும் மண் வகுதி ராஸ்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் அட்டவணையிலிருந்து வளைகோட்டு எண்ணை எடுக்கிறோம். பிறகு மழையளவைச் சேர்த்தால் வழிந்தோடும் நீரின் ஆழம் மில்லிமீற்றரில் கிடைக்கிறது. கணக்கு இரண்டே வரிதான்:

```
S = 25400.0 / CN - 254.0
Q = (P > 0.2*S) * (P - 0.2*S)**2 / (P + 0.8*S)
```

இங்கே CN வளைகோட்டு எண், P மழை, S மண் பிடித்துவைக்கக்கூடிய அதிகபட்ச நீர், Q வழிந்தோடும் நீர். S-இன் ஐந்தில் ஒரு பங்கு நிரம்பும் வரை எதுவும் ஓடாது என்பது முறையின் அடிப்படை எடுகோள். இரண்டாம் வரியின் தொடக்கத்தில் உள்ள நிபந்தனை அதற்காகவே இருக்கிறது. அதை விட்டுவிட்டால் கழித்து வந்த எதிர்மறை எண்ணும் வர்க்கமாகும்போது நேராகிவிடும். 20 மில்லிமீற்றர் தூறலுக்கு அடர்ந்த காட்டிலிருந்து 2.5 மில்லிமீற்றர் நீர் ஓடியதாகப் பொய்யான விடை வரும். சிறு மழைக்குக் காடு வெறும் நிலத்தைவிட அதிக நீரை விடுவதாகப் படம் காட்டினால், பிழை இங்கேதான் என்று அறியலாம்.

இனித் தேயிலைக்கு வருவோம். ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் வேர்ல்ட்கவர் படம் இலவசமாகக் கிடைக்கிறது. 10 மீற்றர் சதுரங்களாக உலகம் முழுவதையும் 11 வகைகளில் காட்டுகிறது. அந்த 11இல் தேயிலை இல்லை. அதன் வரையறைப்படி பயிர்நிலம் என்பது ஆண்டுப் பயிர்களைக் குறிக்கும். பல ஆண்டு நிற்கும் மரப்பயிர்கள் மரமூடல் அல்லது புதர் என்ற வகையிலே சேர்க்கப்படும். ஆகவே நிழல்மரம் நிறைந்த தேயிலை காடாகவும், நிழல்மரம் குறைந்த தேயிலை புதராகவும் படத்தில் ஏறிவிடுகின்றன. பி வகுதி மண்ணில் நல்ல நிலையிலுள்ள காட்டுக்கு அமெரிக்க அட்டவணை தரும் எண் 55, அடர்ந்த புதருக்கு 48. நமது 100 மில்லிமீற்றர் மழைக்குக் காடு என்று கணக்கிட்டால் சுமார் 13 மில்லிமீற்றர் நீர் ஓடும். புதர் என்றால் 6 மில்லிமீற்றர்தான். அதே தேயிலையைச் சமவுயரக் கோட்டில் நட்டு, படிக்கட்டும் கானும் ஒழுங்காகப் பராமரிக்கப்படும் வரிசைப் பயிராகக் கருதினால் எண் 71, ஓடும் நீர் 34 மில்லிமீற்றர். ஒரே மலை, ஒரே மழை. படத்தின் ஒரு பெயர் மாறியதும் விடை ஐந்து மடங்குக்கு மேல் மாறுகிறது. 100 ஹெக்டயர் பரப்பில் ஒரு மில்லிமீற்றர் என்பது 1,000 கன மீற்றர் நீர். புதர் என்று எண்ணி மதகு போட்டவர் 6,000 கன மீற்றருக்குத் தயாராகிறார், வருவதோ 34,000 ஆக இருக்கலாம்.

அப்படியானால் எல்லாத் தேயிலைக்கும் 71 என்று எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தேயிலை மலைகள் எல்லாம் ஒரே நிலையில் இல்லை. தண்டுத்துண்டிலிருந்து வளர்த்து நட்ட வீ.பி. தேயிலை தட்டையாக விரிந்து, இலைகள் ஒன்றோடொன்று கோத்து நிலத்தை முழுவதும் மூடிவிடும். மழைத்துளி நேரே மண்ணில் விழாது. விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலையில் செடிகள் செத்து வெற்றிடங்கள் விழுந்திருக்கும். இடையில் மேல்மண் கழுவப்பட்டுக் கல்லும் வேரும் தெரியும். அந்த மலைக்குப் பொருந்துவது சமவுயரக் கோடு பாராமல் நட்டு, மூடலும் குறைந்த வரிசைப் பயிரின் எண்ணே. அது பி வகுதியில் 81, ஓடும் நீர் 53 மில்லிமீற்றர். கவாத்து வெட்டிய மலையும் மறுபடி தளிர்த்து மூடும் வரை ஏறக்குறைய இதே நிலையில்தான் இருக்கும். வெட்டிய கிளைகளைத் தரையில் பரப்பிவிட்டால் எண் குறையும், விறகுக்கு அள்ளிச் சென்றால் கூடும். இவை எதுவும் 11 வகைப் படத்தில் தெரியாது. ஆனால் எந்த மலை எந்த ஆண்டு நடப்பட்டது, எப்போது கவாத்து வெட்டப்பட்டது என்பது தோட்ட அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது. மலைகளின் எல்லைப் படத்தை எண்ணியல் வடிவாக்கி, ஒவ்வொரு மலைக்கும் அதன் நிலைக்குரிய எண்ணை எழுதி, செய்மதிப் படத்தின் மேல் பதிப்பதே சரியான வழி.

மண் படத்திலும் இதுபோன்ற ஒரு சிக்கல் உண்டு. 2018இல் வெளியான உலக மண் வகுதிப் படம் 250 மீற்றர் சதுரங்கள் கொண்டது. அதன் ஒரு சதுரத்துக்குள் நிலமூடல் படத்தின் 625 சதுரங்கள் அடங்கும். ஒரு மலை முகடும் அதன் அடிப் பள்ளமும் ஒரே மண் என்று பதிவாகிவிடலாம். அதைவிட முக்கியமானது, அந்த வகுதிகள் பெரும்பாலும் மண்ணின் இழையமைப்பிலிருந்து, அதாவது மணலும் களியும் கலந்த விகிதத்திலிருந்து கணிக்கப்பட்டவை. மலையகத் தேயிலை நிலங்களில் பரவலாக உள்ள செம்மஞ்சள் பொட்சோலிக் மண்ணில் களி கூடுதல். ஆனால் நெடுங்காலம் வெப்பமண்டல மழையில் சிதைந்த இத்தகைய மண்ணில் இரும்பு ஒட்சைட்டு களித்துகள்களைச் சிறு கட்டிகளாகப் பிணைத்து வைத்திருக்கும். கட்டிகளுக்கு இடையே நீர் எளிதாக இறங்கும். இழையமைப்பைப் பார்த்துச் சி என்று எழுதப்பட்ட மண் உண்மையில் பி போல நடந்துகொள்ளலாம். மாறாக, மேல்மண் போய் அடிமண் வெளியே தெரியும் சரிவு படம் சொல்வதைவிட மோசமாக இருக்கலாம். சி வகுதிக் காட்டின் எண் 70, பி வகுதியில் நன்கு பராமரித்த தேயிலையின் எண் 71. மண் வகுதியில் ஒரு படி தவறினால் காட்டுக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடே மறைந்துவிடும் என்பதை இந்த இரு எண்களும் காட்டுகின்றன. இரட்டை வளையக் கருவியால் ஒரு மலையில் சில இடங்களில் நீர் இறங்கும் வேகத்தை அளப்பது இந்தத் தவறைப் பெருமளவு நீக்கும்.

சதுரம் சதுரமாகக் கணக்கிடாமல், முழு நீரேந்து பரப்புக்கும் சராசரி எண் ஒன்றை எடுத்துக் கணக்கை முடிப்பது பரவலான குறுக்குவழி. பாதி 55 ஆகவும் பாதி 81 ஆகவும் உள்ள மலையின் சராசரி எண் 68. 50 மில்லிமீற்றர் மழைக்கு அதன்படி 4.7 மில்லிமீற்றர் நீர் ஓடும். இரு பாதிகளையும் தனித்தனியே கணக்கிட்டுப் பிறகு நீரைச் சராசரி எடுத்தால் 7.6 வருகிறது. காட்டுப் பாதியிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் வராது, தேய்ந்த தேயிலைப் பாதியே ஓடையை நிரப்புகிறது. சராசரி எண் அந்த உண்மையைக் கரைத்துவிடுகிறது. ராஸ்டரின் உண்மையான பயன் இங்கேதான்: எண்ணைச் சராசரியாக்காமல், நீரைச் சராசரியாக்க அது இடம் தருகிறது.

சமவெளிப் பண்ணைகளுக்காக வந்த முறை செங்குத்தான ஊவா மலைக்கு எப்படிப் பொருந்தும் என்பது நியாயமான ஆட்சேபம். சரிவுக்கான திருத்தச் சூத்திரம் ஒன்று வழக்கில் உள்ளது. அதன்படி 40 சதவீதச் சரிவில் 71 என்பது சுமார் 76 ஆகி, நீர் 34இலிருந்து 43 மில்லிமீற்றராகிறது. இதைவிடப் பெரிய மாற்றம் மண்ணின் முன் ஈரத்தால் வருகிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பதுளையில் மழை பல நாள் தொடரும்போது அதே 71 சுமார் 85 ஆகிறது, ஓடும் நீர் 61 மில்லிமீற்றர். முதல் நாள் மழைக்கும் ஐந்தாம் நாள் மழைக்கும் ஒரே எண் போடுவது சரிவை மறப்பதைவிடப் பெரிய தவறு. எப்படியும் இறுதிச் சான்று ஓடைதான். நீர்மட்டம் அளக்கும் ஒரு சிறு தடுப்பும் ஒரு மழைமானியும் இருந்தால் கணக்கைத் திருப்பிப் போடலாம். 100 மில்லிமீற்றர் மழைக்கு, வழக்கமான ஊற்றோட்டத்தைக் கழித்தபின், 25 மில்லிமீற்றர் நீர் வந்திருந்தால் அந்த மலையின் எண் 65. இப்படிப் பல மழைகளில் அளந்து கிடைக்கும் எண் எந்த அட்டவணையையும்விட நம்பத்தக்கது. பெரிய மழைகளில் எண் ஓர் அளவில் நிலைத்து நிற்காமல் குறைந்துகொண்டே போனால், அந்த மலைக்கு இந்த முறையே பொருந்தவில்லை என்று பொருள். ஆழமான மண்ணுள்ள காடுகளில் அப்படி நடப்பது தெரிந்ததே.

இன்னோர் எல்லையைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தக் கணக்கில் குறைந்த எண் என்றால் குறைந்த வெள்ளம். ஆனால் குறைந்த ஆபத்து என்று பொருள் இல்லை. மண்ணுக்குள் இறங்கிய நீர் கணக்கிலிருந்து மறைந்துவிடுகிறது, மலையிலிருந்து மறைவதில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண்சரிவு, தொடர் மழை நனைத்த சரிவில் நிகழ்ந்தது. வழிந்தோடும் நீரின் படத்தில் பச்சையாகத் தெரியும் சரிவைக் குடியிருக்கப் பாதுகாப்பான இடம் என்று யாரும் படிக்கக்கூடாது. அதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடம் தனியே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

ஊவாவுக்கான வளைகோட்டு எண்களைத் தர வேண்டிய தரவு பெரும்பாலும் ஊவாவிலேயே இருக்கிறது. தோட்டங்கள் நாள்தோறும் மழையை அளந்து எழுதுகின்றன, கவாத்தையும் மறுநடுகையையும் பதிவு செய்கின்றன. தோட்டக் கம்பனிகள் அந்தப் பதிவேடுகளைப் பல்கலைக்கழகங்களுக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் திறந்துவிட வேண்டும். பதுளு ஓயாவின் கிளையோடைகளில் சிலவற்றிலாவது நிரந்தர நீரளவுக் கருவி நிறுவப்பட வேண்டும். அதுவரை ஊவாவின் எந்த வழிந்தோடல் வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் தேயிலைக்கு என்ன எண் கொடுத்தீர்கள், அது எங்கிருந்து வந்தது?