ஒரு நிமிடப் படம், எத்தனை மணி நேரம்?

முப்பரிமாண அனிமேஷனில் கணினி ஒவ்வொரு ஃப்ரேமையும் ஒளிக்கதிர்களைக் கணக்கிட்டு உருவாக்குவதை ரெண்டர் என்கிறோம். நொடிக்கு 24 ஃப்ரேம் வீதம் ஒரு நிமிடப் படத்துக்கு 1,440 ஃப்ரேம்கள் வேண்டும். வீட்டுக் கணினியில் இது நாள்கணக்கில் ஓடும் என்பதால் பலரும் ரெண்டர் ஃபார்மை நாடுகிறார்கள். பல கணினிகளை வைத்துக்கொண்டு, அவை ஓடும் நேரத்துக்குக் கட்டணம் வாங்கும் நிறுவனம் அது. பணம் கட்டுவதற்கு முன் செலவை அறிய, சில ஃப்ரேம்களை மட்டும் ஓட்டிப் பார்த்துக் கணக்குப் போடலாம். எந்த ஃப்ரேம்களை எடுக்கிறோம் என்பதில்தான் பலருடைய கணக்கும் தவறுகிறது.

பிளெண்டர் மென்பொருளில், சைக்கிள்ஸ் ரெண்டரில் செய்யும் ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 600 ஃப்ரேம் வெயில் அடிக்கும் தெரு. அடுத்த 600 ஒரே ஜன்னல் உள்ள அறை. கடைசி 240 விளக்கொளியில் மூடுபனி. முதல் ஃப்ரேமை மட்டும் ஓட்டினால் ஒரு நிமிடம் ஆகிறது. அதை 1,440ஆல் பெருக்கினால் 24 மணி நேரம். ஆனால் அது தெருவுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. அதனால் படம் முழுவதிலும் சம இடைவெளியில் ஃப்ரேம்களை எடுக்க வேண்டும். இந்தக் கட்டளை 60 ஃப்ரேமுக்கு ஒன்றாக 24 ஃப்ரேம்களை ஓட்டும்:

```
blender -b padam.blend -o //test_#### -s 1 -e 1440 -j 60 -a
```

தெருவில் 10 ஃப்ரேம், தலா 1 நிமிடம். அறையில் 10, தலா 4 நிமிடம். மூடுபனியில் 4, தலா 11 நிமிடம். மொத்தம் 94 நிமிடம். அறுபதால் பெருக்கினால் 94 மணி நேரம். படத்தில் ஆறில் ஒரு பங்கே உள்ள மூடுபனி மட்டும் இதில் 44 மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறது. சோதனையைப் படத்தின் முழு அளவிலேயே செய்ய வேண்டும். சிறிய அளவில் ஓட்டிப் பெருக்கினால் கணக்கு ஒத்துவராது.

அடுத்தது சாம்பிள். ஒரு புள்ளியின் நிறத்தை முடிவு செய்யக் கணினி எத்தனை முறை ஒளியின் பாதையைத் தொடர்ந்து பார்க்கிறது என்பதே அந்த எண். குறைந்தால் படத்தில் மணல் தூவியதுபோல நாய்ஸ் தெரியும். நாய்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் தேவை என்பதால், தேவைக்கு மேல் வைக்கும் ஒவ்வொரு சாம்பிளும் வீண்செலவுதான்.

ஆனால் சாம்பிளைக் கால்பங்காக்கினால் நேரமும் கால்பங்காகிவிடாது. அறையின் ஒரே ஃப்ரேமை 512 சாம்பிளிலும் 128 சாம்பிளிலும் ஓட்டுவோம். முதலாவது 240 நொடி, இரண்டாவது 90 நொடி. 384 சாம்பிள் குறைந்ததில் 150 நொடி மிச்சம், அதாவது 128 சாம்பிளுக்கு 50 நொடி. மீதி 40 நொடி, காட்சியை நினைவகத்தில் ஏற்றித் தயார் செய்யும் நேரம். சாம்பிளை எவ்வளவு குறைத்தாலும் அது குறையாது. இப்படி அளக்கும்போது `Noise Threshold` டிக்கை எடுத்துவிட வேண்டும். அது இருந்தால் நாய்ஸ் அடங்கிய இடங்களில் கணினி முன்கூட்டியே நிறுத்திவிடும், கழித்தல் கணக்கு பிசகும்.

எந்த எண் போதும் என்பதை ஒற்றைப் படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. நாய்ஸை அழிக்கும் டீநாய்ஸர், 128 சாம்பிளிலும் ஒரு ஃப்ரேமைச் சுத்தமாகவே காட்டும். தொடர்ச்சியாகப் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம்களை ஓடவிட்டால், சுவர் மூலையின் நிழலில் திட்டுகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் இடம் மாறி நெளிவது தெரியும். நம் அறையில் 256இல் அந்த நெளிவு அடங்குகிறது, மூடுபனிக்கு 512 வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறையின் ஃப்ரேம் இப்போது 140 நொடி. 600 ஃப்ரேமில் 16 மணி 40 நிமிடம் மிச்சமாகி, மொத்தம் 77 மணி 20 நிமிடமாகிறது. படம் முழுவதற்கும் ஒரே எண்ணை வைப்பதைவிட ஷாட்டுக்கு ஷாட் வைப்பதே லாபம்.

இனி ஃபார்ம் செலவு. அங்குள்ள கணினி நம்முடையதைவிட எவ்வளவு வேகம் என்பதை விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாமல், ஷாட்டுக்கு ஒரு ஃப்ரேமை அங்கேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் காட்சி கொள்ளுமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். நேரம் பாதியானால் 38 மணி 40 நிமிடம். ஒரு கணினிக்கு மணிக்கு ரூ.150 என்று வைத்துக்கொண்டால் ரூ.5,800. இருபது கணினிகளில் ஓட்டினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் படம் வந்துவிடும், ஆனால் செலவு குறையாது. மாறாக, ஒவ்வொரு கணினியும் கோப்பைத் திறந்து தயாராக 6 நிமிடம் எடுத்து, அதற்கும் கட்டணம் உண்டென்றால், கூடுதலாக இரண்டு மணி நேரத்துக்கு ரூ.300 சேரும்.

வந்த படத்தில் ஏதோ ஒரு ஷாட்டை மறுபடி ஓட்ட வேண்டியிருப்பது வழக்கம். மூடுபனியை மட்டும் திரும்ப ஓட்டினாலே 22 மணி நேரம், ரூ.3,300. ஆகவே பட்ஜெட்டில் ரூ.6,100 என்று எழுதாமல் ரூ.9,400 என்று எழுதுவதே சரி. மூடுபனியை முதலில் அனுப்பி, சரிபார்த்த பிறகு மற்ற ஷாட்களை அனுப்பினால், சாம்பிள் தேர்வில் தவறு இருந்தாலும் அது மற்ற ஷாட்களுக்குப் பரவாது.