கடைசிச் சம்பளம் மைனஸில் வருவது எப்படி?

வேலையை விட்டுப் போன மாதத்தில் சம்பளம் வரும் என்று காத்திருப்பவருக்குச் சில சமயம் பணத்துக்குப் பதில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. "உங்கள் ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் கணக்கின்படி நீங்கள் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டிய தொகை..." என்று அது தொடங்கும். பத்து நாள் வேலை பார்த்திருக்கிறோம், எடுக்காத விடுப்பும் இருக்கிறது, இதில் நாம் எப்படிக் கடன்காரர் ஆனோம் என்று திகைப்பு வரும். பெரும்பாலும் அந்தக் கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை இருக்காது. எந்தச் சம்பளத்தை எதற்கு அளவாக எடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். சென்னை கிண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். மாத கிராஸ் சம்பளம் 48,000 ரூபாய். அதில் பேசிக் 24,000, வீட்டு வாடகைப் படி 12,000, மற்ற படி 12,000. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் நோட்டீஸ் காலம் 60 நாள். ஜூன் 1-ஆம் தேதி ராஜினாமா அனுப்புகிறார். முறைப்படி ஜூலை 30 வரை இருக்க வேண்டும். புதிய நிறுவனம் அவ்வளவு நாள் பொறுக்காது என்பதால் ஜூலை 10-ஆம் தேதியோடு விடைபெறுகிறார். ஜூனில் 30 நாள், ஜூலையில் 10 நாள், ஆக 40 நாள் முடித்திருக்கிறார். குறைவது 20 நாள். கையில் 18 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது.

வரவுப் பக்கம் முதலில். ஜூலை மாதம் 31 நாள், அதில் 10 நாள் சம்பளம் 15,484 ரூபாய். விடுப்புக்கான பணத்தை இந்த நிறுவனம் பேசிக் அடிப்படையில் தருகிறது. 24,000-ஐ 30-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 800. 18 நாளுக்கு 14,400. இரண்டும் சேர்த்து 29,884.

பற்றுப் பக்கத்தில், பத்து நாள் பேசிக்கில் 12 விழுக்காடு பி.எஃப். பிடித்தம் 929 ரூபாய். நோட்டீஸ் குறைவுக்கான பிடித்தத்தை நிறுவனம் கிராஸ் அடிப்படையில் போடுகிறது. 48,000-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,600. 20 நாளுக்கு 32,000. மொத்தம் 32,929. வரவைக் கழித்தால் அவர் 3,045 ரூபாய் கட்ட வேண்டும்.

இந்தக் கணக்கில் அவருடைய ஒரு நாளுக்கு இரண்டு விலை இருக்கிறது. நிறுவனம் அவருக்குத் தரும்போது அது 800 ரூபாய், அவரிடமிருந்து வாங்கும்போது 1,600. பல நிறுவனங்களில் நடைமுறை இதுதான், அது ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்கும், கையெழுத்தும் போட்டிருப்போம். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை. ஆனாலும், கையெழுத்திட்ட தாளில் தெளிவாக இருந்தால் எச்.ஆரிடம் வாதாடி ஜெயிப்பது கடினம். தாளில் அப்படி இல்லாவிட்டால் கதை வேறு. "நோட்டீஸ் காலத்துக்கு ஈடான பேசிக் சம்பளம்" என்று மட்டும் இருந்தால் பிடித்தம் 16,000-தான். அப்போது 3,045 ரூபாய் கட்ட வேண்டியவர் கைக்கு 12,955 ரூபாய் வந்துசேரும். ஆகவே கணக்குத் தாள் வந்ததும் பழைய கோப்பிலிருந்து அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, நோட்டீஸ் பத்தியைச் சொல்லுக்குச் சொல் படிப்பதுதான் முதல் வேலை. பிடித்தம் பற்றி ஆர்டரிலும் ஊழியர் கொள்கையிலும் ஒரு சொல்லும் இல்லையென்றால், எந்த விதிப்படி இது என்று எழுத்தில் கேட்கலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும் ஒப்பந்தத்தில் குறித்த தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதைத்தான் கேட்க முடியும்.

இரண்டு விலை இருப்பது தெரிந்துவிட்டால் அதைத் தனக்குச் சாதகமாகத் திருப்பவும் வழி உண்டு. 18 நாள் விடுப்பைப் பணமாக வாங்காமல், நோட்டீஸ் குறைவுக்கு எதிராக நாளுக்கு நாள் நேர் செய்யச் சொல்லிக் கேட்பது. நிறுவனம் ஒப்புக்கொண்டால் குறைவு 20 நாளிலிருந்து 2 நாளாகிவிடும். பிடித்தம் 3,200 மட்டும். பத்து நாள் சம்பளம் 15,484-இல் 3,200-ஐயும் பி.எஃப். 929-ஐயும் கழித்தால் 11,355 ரூபாய் கையில் கிடைக்கும். பணமாக வாங்கினால் 800 ரூபாய் பெறும் விடுப்பு நாள், நோட்டீஸில் ஈடுகட்டும்போது 1,600 பெறுகிறது. இதை உரிமையாகக் கேட்க முடியாது. கொள்கையில் இடம் இருக்க வேண்டும், அல்லது மேலாளர் மனம் வைக்க வேண்டும். விடைபெறும் தேதியைப் பேசி முடிக்கும் அதே மின்னஞ்சலில் இதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. கணக்கு முடித்த பிறகு கேட்டால் பேரோல் பிரிவு திறந்து பார்க்காது. பிடித்தமும் விடுப்புப் பணமும் ஒரே அளவில் போடும் நிறுவனத்தில் இப்படிச் செய்வதால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

பெரும்பாலான தகராறுகள் நாள் எண்ணிக்கையில்தான் கிளம்புகின்றன. ராஜினாமா அனுப்பியது ஜூன் 1. மேலாளர் மென்பொருளில் ஒப்புதல் பொத்தானை அழுத்தியது ஜூன் 6 என்றால், சில நிறுவனங்களின் மென்பொருள் ஆறாம் தேதியிலிருந்துதான் நோட்டீஸை எண்ணும். அப்படி எண்ணினால் அந்தப் பெண்ணின் குறைவு 25 நாளாகி, பிடித்தம் 8,000 ரூபாய் கூடிவிடும். நோட்டீஸ் என்பது கொடுத்த நாளிலிருந்து ஓடுவது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, மேலாளரின் தாமதம் ஊழியர் தலையில் விழக்கூடாது. நேரில் சொல்லிவிட்டு மின்னஞ்சலைப் பிறகு அனுப்பலாம் என்று இருப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். நோட்டீஸ் காலத்தில் எடுத்த விடுப்பு அத்தனை நாள் நோட்டீஸை நீட்டும் என்ற விதியும் பல இடங்களில் உண்டு. நிறுவனமே முந்திக்கொண்டு "இன்றே போகலாம்" என்று அனுப்பிவைத்திருந்தால் குறைவு ஊழியருடையது அல்ல, பிடித்தத்துக்கு அடிப்படையே இல்லை. அந்த வார்த்தையை மட்டும் மின்னஞ்சலில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

விடுப்பு எண்ணிக்கையிலும் இப்படி ஒரு முடிச்சு. அந்தப் பெண்ணின் கணினித் திரை 27 நாள் காட்டியிருக்கலாம். ஆண்டு முழுமைக்கும் உரிய 18 நாளை ஜனவரியிலேயே முன்கூட்டி வரவு வைத்திருப்பார்கள். முடித்த மாதத்துக்கு ஒன்றரை நாள் என்பது விதியானால் ஆறு மாதத்துக்கு 9 நாள்தான் உண்மையில் ஈட்டியது. மீதி 9 நாளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், 18 நாள் நிற்கும். இது முறையான கழிவுதான், சண்டை போட வேண்டியதில்லை. சம்பளத்தோடு கூடிய ஈட்டிய விடுப்புக்குத்தான் வழக்கமாகப் பணம் கிடைக்கும், தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் பெரும்பாலான நிறுவனங்களில் அப்படியே காலாவதியாகும். 30-க்குப் பதில் 26-ஆல் வகுக்கும் நிறுவனத்தில் அதே 18 நாளுக்கு 16,615 ரூபாய் கிடைக்கும். வேலையை விட்ட மறுநாள் லாகின் மூடிவிடும் என்பதால் விடுப்புக் கணக்கையும் பே ஸ்லிப்புகளையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்வது அவசியம்.

தாளில் இருக்கவே கூடாத வரிகளும் சில உண்டு. நோட்டீஸ் பிடித்தத்தின் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. என்று போட்டிருந்தால், அந்தப் பெண்ணுக்கு அது 5,760 ரூபாய் கூடுதல் சுமை. மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட்டில் வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று தெளிவாக்கிவிட்டது. அதற்கு முன்பே, சேவை வரிக் காலத்து வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றமும் இதே கருத்தில் தீர்ப்பளித்திருந்தது. விடுப்புப் பணத்துக்குப் பி.எஃப். பிடித்திருந்தால் அதுவும் தவறு. விடுப்புப் பணம் அடிப்படை ஊதியத்தில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சொல்லிவிட்டது. பி.எஃப். கணக்கில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் பணத்தில் நோட்டீஸ் குறைவுக்காக நிறுவனம் கைவைக்க முடியாது. ஐந்து ஆண்டுகள் முடித்தவருக்குச் சேர வேண்டிய கிராஜுவிட்டியும் அப்படித்தான், நோட்டீஸ் முழுதாகப் பார்க்கவில்லை என்பது அதைப் பறிமுதல் செய்யும் காரணங்களில் இல்லை.

வருமான வரியில் ஊழியருக்குச் சாதகமான ஒரு விஷயம் பலருக்குத் தெரியாமலே போகிறது. வேலையில் இருக்கும்போது விடுப்பைப் பணமாக்கினால் முழுவதும் வரிக்கு உட்பட்டது. வேலையை விட்டுப் போகும்போது பெற்றால் தனியார் ஊழியருக்கு வாழ்நாள் முழுமைக்கும் சேர்த்து 25 லட்சம் ரூபாய் வரை விலக்கு உண்டு. பத்து மாதச் சராசரிச் சம்பளம் முதலிய வேறு வரம்புகளும் இருக்கின்றன, எது குறைவோ அதுவே கணக்கு. இது ஓய்வு பெறுபவர்களுக்கு மட்டும் என்று சில பேரோல் பிரிவுகள் வரி பிடித்துவிடும். ராஜினாமாவும் இதில் அடங்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே முடிவு சொன்ன நீதிமன்றங்களில் சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்று. நிறுவனம் பிடித்துவிட்டாலும் வருமான வரி ரிட்டனில் விலக்கைக் கோரித் திரும்பப் பெறலாம்.

எப்போது பணம் வரும்? 30 நாள், 45 நாள் என்று இழுப்பது நீண்ட காலப் பழக்கம். 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. லேப்டாப், அடையாள அட்டை, முன்பணம் எல்லாம் சரிபார்த்து நோ டியூஸ் வராமல் கணக்கு முடியாது என்று சொல்வார்கள். அதனால் அந்தக் கையெழுத்துகளை விடைபெறும் நாளுக்கு முன்பே ஒவ்வொரு துறையாக ஏறி இறங்கி வாங்கிவிடுவது நல்லது. தாமதத்துக்கு அவர்கள் சொல்லும் முதல் காரணம் அதுதான்.

கணக்கு முடிந்ததும் "இனி எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வாசகத்தோடு ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ரிலீவிங் லெட்டர் அதற்குப் பிறகுதான் வரும் என்பதால் படிக்காமலே போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தொகையில் ஏதாவது வரி ஏற்புடையதாக இல்லையென்றால், கையெழுத்துக்குக் கீழேயே "நோட்டீஸ் பிடித்தம் 32,000 ரூபாய் பற்றிய என் ஆட்சேபணைக்கு உட்பட்டு" என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடலாம். அதை ஏற்க மறுத்தால், அதே வாசகத்தை அன்றைக்கே தனிப்பட்ட மின்னஞ்சலிலிருந்து எச்.ஆருக்கு அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளலாம்.