கர்ப்பிணியின் கையில் ஒரு கார்டு... நான்கு வரிகளில் தெரியும் ஆபத்து!

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நம் ஊர் வழக்கம். காரைக்காலை ஒட்டிய நெரவியிலிருந்து தெற்கே திருமலைராயன்பட்டினத்தைத் தாண்டினால் நாகூர் வந்துவிடும். தூரம் குறைவுதான். ஆனால், நெரவி புதுச்சேரி யூனியன் பிரதேசம், நாகூர் தமிழ்நாடு. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளின் விவரங்கள் 'பிக்மி' என்ற கணினிப் பதிவேட்டில் ஏறுகின்றன. எல்லை தாண்டி வரும் பெண்ணின் முதல் ஏழு மாதக் கதையைப் புது மருத்துவருக்குச் சொல்வது, அவர் கைப்பையில் இருக்கும் தாய்-சேய் பாதுகாப்பு அட்டைதான்.

அந்த அட்டையில் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் இருக்கும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கை எழுதியிருக்கும். இதை அட்டவணையாக மாற்றுவது வெறும் டைப்பிங் வேலை இல்லை.

முதலில், ஒரு பெண்ணுக்கு ஒரே வரி என்று ஆரம்பித்தால் வேலை சிக்கிவிடும். ஒருவர் நான்கு முறை வருவார், இன்னொருவர் ஒன்பது முறை வருவார். அதனால் இரண்டு பட்டியல்கள் தேவை. முதலாவதில் மாறாத விஷயங்கள்: பதிவு எண், வயது, உயரம், எத்தனையாவது பிரசவம், முன்பு சிசேரியன் ஆனதா, கடைசி மாதவிடாய்த் தேதி. இரண்டாவதில் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி. இரண்டையும் இணைப்பது பதிவு எண்.

அடுத்தது தேதி. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள்களைக் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி வரும். உதாரணமாக, ஒரு கார்டில் 12-1-2025 என்று இருக்கிறது. அவசரக் கையெழுத்தில் அந்த 1, 7 போலத் தெரிகிறது. ஜூலை என்று ஏற்றிவிட்டால் பிரசவம் அடுத்த ஏப்ரலுக்குப் போய்விடும். ஆனால், அதே கார்டில் பிரசவத் தேதி 19-10-2025 என்று எழுதியிருக்கிறது. கணக்கு போட்டுப் பார்த்தால் ஜனவரிதான் பொருந்துகிறது. இந்தத் தேதி தவறினால் ஒவ்வொரு வருகையும் எத்தனையாவது வாரம் என்பதும் தவறிவிடும்.

அந்த உதாரணக் கார்டின் நான்கு வருகைகளை வரிசையாக வைத்தால் இப்படி இருக்கும்:

| வாரம் | எடை (கிலோ) | ரத்த அழுத்தம் | சிறுநீரில் புரதம் |
|---|---|---|---|
| 20 | 48 | 104/66 | இல்லை |
| 28 | 51.5 | 112/72 | இல்லை |
| 32 | 53.5 | 124/80 | எழுதவில்லை |
| 34 | 56.5 | 136/88 | லேசாக |

உயர் ரத்த அழுத்தம் என்று சொல்ல 140/90 தொட வேண்டும். இங்கே ஒரு முறைகூடத் தொடவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் 'பரவாயில்லை' என்றுதான் தோன்றும். வரிசையாகப் பார்த்தால்தான் அழுத்தம் படிப்படியாக ஏறுவதும், கடைசி இரண்டு வாரத்தில் மட்டும் 3 கிலோ கூடியதும், புரதம் தலைகாட்டுவதும் ஒன்றாகத் தெரிகின்றன. வலிப்பு வரை கொண்டுபோகக்கூடிய 'ப்ரீஎக்ளாம்ப்சியா' இப்படியும் தொடங்கலாம். இது நோய் என்ற முடிவு அல்ல. அடுத்த மாதம் வரை காத்திருக்காமல் சில நாள்களிலேயே மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை.

32-வது வாரத்தின் வெற்றிடத்தையும் கவனியுங்கள். காலியாக இருக்கிறதே என்று அங்கே 'இல்லை' என்று நிரப்பினால், செய்யாத பரிசோதனை செய்ததாகிவிடும். 'எழுதவில்லை' என்பதும் ஒரு தகவல்தான். ஹீமோகுளோபின் '95' என்று இருந்தால் அது 9.5 ஆக இருக்கலாம். அப்போதும் கார்டில் உள்ளதை அப்படியே ஒரு கட்டத்திலும், திருத்தியதைப் பக்கத்துக் கட்டத்திலும் வைக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்து ஒப்பிட்டால், வேறுபடும் இடங்களை மட்டும் கார்டோடு மறுபடி சரிபார்த்தால் போதும்.

ஆபத்துக் காரணிகளுக்குத் தனிக் கட்டங்கள் வேண்டும். முந்தைய சிசேரியன், ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ், 140/90 அல்லது அதற்கு மேல் ரத்த அழுத்தம், சர்க்கரை என ஒவ்வொன்றுக்கும் 'ஆம், இல்லை, தெரியாது' என்ற மூன்று பதில்கள். 2016-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி நடக்கும் கர்ப்பிணிகள் முகாமில், ஆபத்து அதிகம் உள்ளவரின் கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். அது ஆபத்து இருப்பதைச் சொல்லும். எதனால், எந்த வாரத்திலிருந்து என்பதைச் சொல்ல அட்டவணை வேண்டும்.

ஆனால், 140/90 என்ற விதியை மட்டும் கணினியிடம் கொடுத்தால், மேலே பார்த்த பெண் பட்டியலில் சிக்கவே மாட்டார். வரிசையைக் கண்ணால் பார்க்க ஒரு செவிலியர் வேண்டும். அட்டவணையின் ஒரு பிரதி கார்டோடு சேர்ந்து அம்மா வீட்டுக்கும் போனால், அங்கே இருப்பவர் 34-வது வார எண்ணை மட்டும் பார்க்க மாட்டார். அது எங்கிருந்து ஏறி வந்தது என்பதையும் பார்ப்பார்.